மின்சாரம் எதை வாங்குகிறது?

பிட்காயினைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டே வருகிறார்கள்: மைனர்கள் கடினமான கணிதப் புதிர்களை விடுவிக்கிறார்கள், அதனால்தான் அந்த வலைப்பின்னல் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவு மின்சாரமும் அதற்குத்தான் செலவாகிறது. இந்த வாக்கியம் எனக்கு நெடுநாளைய உறுத்தல். புதிரை விடுவித்தால் பணம் எப்படிப் பத்திரமாகும்? முதலில் அங்கே புதிர் என்று ஒன்றும் கிடையாது. பரிவர்த்தனைகளைக் கட்டிய ஒரு பிளாக்கின் 80 பைட் தலைப்பை எடுத்து, அதிலுள்ள ஒரு எண்ணை மாற்றி, எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் கணக்கில் இரண்டு முறை போடுகிறது இயந்திரம். வருகிற விடை குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் பிளாக் செல்லும்; இல்லாவிட்டால் எண்ணை மாற்றி மறுபடியும் அதே வேலை. சாமர்த்தியத்துக்கு அங்கே இடமில்லை, வெறும் குருட்டு முயற்சி. கிடைக்கும் விடையாலும் வேறு எவருக்கும் பயனில்லை. இப்படியொரு வீண் வேலையைப் பாதுகாப்பாக மாற்றலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்பதே என் தேடல்.

பழைய ஆய்வுத்தாள்களைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் 1992-இல் வந்து நிற்கிறோம். சிந்தியா டுவார்க், மோனி நாவோர் என்ற இருவரும் அந்த ஆண்டு கிரிப்டோ மாநாட்டில் வைத்த யோசனையில் பணம் என்ற பேச்சே இல்லை. அவர்களுடைய கவலை குப்பை மின்னஞ்சல். ஒரு மடல் அனுப்புமுன் அனுப்புகிறவரின் கணினி கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும் என்று வைத்துவிட்டால், ஒரு மடல் எழுதுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, லட்சக்கணக்கில் அனுப்புகிறவருக்குக் கட்டுப்படியாகாது. 1997-இல் ஆடம் பேக் ஹாஷ்கேஷ் என்ற பெயரில் இதை ஹாஷ் கணக்கால் செய்துகாட்டினார். விடையின் தொடக்கத்தில் 20 பூஜ்ய பிட்டுகள் வர வேண்டும் என்றால் அனுப்புகிறவர் சராசரியாகப் பத்து லட்சம் தடவைக்கு மேல் முயல வேண்டும். பெறுகிறவர் ஒரே தடவையில் சரிபார்த்துவிடலாம். புரூஃப் ஆஃப் வொர்க் என்ற பெயர் 1999-இல் மார்க்கஸ் யாக்கப்சன், ஆரி ஜூல்ஸ் எழுதிய தாளில் வருகிறது. பெரும்பாலான வரலாறுகள் இந்த வரிசையைச் சொல்லி, அடுத்த படி பிட்காயின் என்று தாவிவிடுகின்றன.

அந்தத் தாவலை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தத் தாள்கள் எதிலும் பலர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவது பற்றிய பேச்சு இல்லை. ஒரு செயலுக்கு விலை வைப்பதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த வேலையும் முழுதாக நடக்கவில்லை. 2004-இல் பென் லாரியும் ரிச்சர்ட் கிளேட்டனும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். குப்பை அனுப்புகிறவர்கள் பிறருடைய கணினிகளைக் கைப்பற்றி வைத்திருப்பதால் கணக்குச் செலவு அவர்கள் தலையில் விழுவதில்லை. அவர்களைத் தடுக்கும் அளவுக்கு விலையை ஏற்றினால் நியாயமாக மடல் அனுப்புகிறவர்கள் முதலில் மாட்டுவார்கள். ஆக, இந்தக் கிளையில் கருவி கிடைக்கிறது, காரணம் கிடைக்கவில்லை. மின்னஞ்சலில் தோற்ற ஒன்று பணத்தில் எப்படி நின்றது?

விடை வேறொரு கிளையில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் டவுசர் 2002-இல் சிபில் தாக்குதல் என்ற பெயரில் ஒரு சிக்கலை விவரித்தார். தலைமை அலுவலகம் இல்லாத வலைப்பின்னலில் ஒருவர் ஆயிரம் பெயர்களில் நுழையலாம். பெயர் உண்டாக்கச் செலவில்லை. அப்படியிருக்க அங்கே பெரும்பான்மை என்பதற்கு என்ன பொருள்? வாக்காளர் பட்டியல் இல்லாத ஊரில் தேர்தல் வைத்தால் கள்ள ஓட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் நல்ல ஓட்டு எது என்று சொல்லவே அங்கே வழி இல்லை. 2008-இல் சடோஷி நகமோட்டோ ஹாஷ்கேஷை எடுத்துக்கொண்டுவந்து பொருத்திய இடம் இதுதான். ஓட்டைத் தலைக்கணக்கில் எண்ணாமல், செலவழிந்த ஹாஷ் கணக்கில் எண்ணுவது. எந்தச் சங்கிலியின் பின்னால் அதிக உழைப்பு குவிந்திருக்கிறதோ அதுவே செல்லும். பெயர்களைப் பெருக்கிக்கொள்ளலாம், மின்கட்டண ரசீதைப் பெருக்கிக்கொள்ள முடியாது.

இங்கே வந்தபோது என் கேள்வியே திசை மாறிவிட்டது. மின்சாரம் எதைச் செய்கிறது என்பதைவிட, பொய் சொல்கிறவன் எதை இழக்கிறான் என்று கேட்பதே சரியான கேள்வி. மின்சாரம் நேரடியாகப் பரிவர்த்தனைகளை நடத்துவதில்லை என்பதற்கு 2021-இல் தெளிவான சான்று கிடைத்தது. அந்த ஆண்டு மே மாதம் சீன அரசு மைனிங்கை ஒடுக்கத் தொடங்கியதும் உலகின் ஹாஷ் திறனில் பாதிக்கு மேல் சில வாரங்களில் அணைந்துபோனது. நடந்தது இவ்வளவுதான்: பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வர வேண்டிய பிளாக்குகள் பிந்தி வந்தன. பிட்காயின் 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை தன் கடினத்தைச் சரிசெய்துகொள்ளும். ஜூலை 3-ஆம் தேதி அது சுமார் 28 சதவீதம் இறங்கியது. அந்தச் சுற்றில் பிளாக்குகள் சராசரியாக 14 நிமிடத்துக்கு ஒன்று வந்தன என்று இதிலிருந்தே கணக்கிடலாம். பிறகு எல்லாம் பழையபடி ஓடியது. எனவே ஒரு பரிவர்த்தனைக்கு இத்தனை யூனிட் என்று வகுத்துச் சொல்லும் கணக்கு திசைதிருப்பும் கணக்கு. மைனர்கள் எரிக்கும் மின்சாரம் பரிவர்த்தனை எண்ணிக்கையைப் பின்தொடர்வதில்லை, பரிசுத்தொகையைப் பின்தொடர்கிறது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு பிளாக்குக்கு 3.125 பிட்காயின், நாளொன்றுக்குச் சுமார் 450. அதன் சந்தை மதிப்பை ஒட்டும்வரை யாராவது இயந்திரம் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். இன்று அந்த மின்செலவு ஆண்டுக்கு 10,000 கோடி யூனிட்டைத் தாண்டுகிறது. மின்சாரம் பாதியானாலும் சங்கிலி ஓடும். அதை ஏமாற்றுவதற்கான விலையும் பாதியாகியிருக்கும், அவ்வளவுதான்.

விலைதான் விஷயம் என்றால் அதை மின்சாரமாகக் கட்டுவானேன் என்பது அடுத்த இயல்பான கேள்வி. 2011-இல் பிட்காயின் வட்டாரத்திலேயே புரூஃப் ஆஃப் ஸ்டேக் என்ற யோசனை எழுந்தது: கையிலுள்ள நாணயத்தின் அளவுக்கு ஓட்டு. 2012-இல் பியர்காயின் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த முதல் வடிவத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சங்கிலி இரண்டாகக் கிளைத்தால் மைனர் தன் இயந்திரத்தை ஏதாவது ஒரு பக்கம்தான் திருப்ப முடியும். நாணயம் வைத்திருப்பவரோ இரண்டு கிளையிலும் கையொப்பமிடலாம், செலவில்லை. எது வென்றாலும் பரிசு உண்டு. எல்லோரும் அப்படிச் செய்தால் முடிவு என்பதே கிடையாது. பியர்காயின் தன் உருவாக்குநர் கையொப்பமிட்டு அனுப்பும் செக்பாயின்ட்டுகளை நம்பியே காலம் தள்ளியது. தலைமை அலுவலகம் வேண்டாமென்று கிளம்பியவர்கள் தலைமை அலுவலகத்திலேயே போய் நின்றார்கள்.

2014 ஜனவரியில் விட்டாலிக் புட்டரின் ஸ்லாஷர் என்ற குறிப்பில் வழி சொன்னார்: இரண்டு பக்கம் கையொப்பமிட்டால் பரிசு பறிபோக வேண்டும். அந்த யோசனை பின்னர் இப்படி வளர்ந்தது: நாணயம் வைத்திருந்தால் போதாது, அது ஈடாக முடங்கிக் கிடக்க வேண்டும், தவறினால் ஈடே பறிபோக வேண்டும். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எதீரியம் இந்த வழிக்கு மாறியபோது அதன் மின்செலவு 99.9 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அங்கே 32 ஈதர் ஈடு வைத்தால் ஒருவர் வேலிடேட்டர் ஆகலாம். 12 விநாடிக்கு ஒரு பிளாக், 32 பிளாக்குக்கு ஒரு சுற்று. இரண்டு சுற்றில், அதாவது ஏறக்குறைய 13 நிமிடத்தில், மூன்றில் இரண்டு பங்கு ஈடு ஆதரித்த பிளாக் இறுதியாகிவிடும். ஒருவரே முரணான இரண்டு கையொப்பம் போட்டால் அந்த இரண்டு கையொப்பங்களே சாட்சி. யார் வேண்டுமானாலும் அவற்றைப் பிளாக்கில் சேர்த்துவிடலாம். தனியாக ஒருவர் தவறினால் அபராதம் சிறியது. மூன்றில் ஒரு பங்குக்காரர்கள் ஒரே சமயத்தில் தவறினால் மொத்த ஈடும் போகும். இப்படி விபத்தையும் சதியையும் பிரித்துப் பார்க்கிற அபராதக் கணக்கு எனக்கு இந்தத் தேடலில் பெரிய மகிழ்ச்சி. 3 கோடி ஈதர் ஈடாகக் கிடக்கும் சங்கிலியில் முரணான இரண்டு வரலாறுகளை இறுதியாக்க ஒரு கோடி ஈதரையாவது எரிக்க வேண்டும்.

புரூஃப் ஆஃப் வொர்க் பக்கம் நிற்பவர்களின் மறுப்புகளில் இரண்டைப் பொருட்படுத்த வேண்டும். பணக்காரர் கை ஓங்கும் என்பது முதலாவது. லிடோ என்ற ஒரே சேவை ஒரு கட்டத்தில் மொத்த ஈட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது உண்மை. ஆனால் 2014-இல் ஜிஹாஷ் என்ற ஒரே மைனிங் குழு பிட்காயினின் ஹாஷ் திறனில் பாதியைத் தொட்டதே. குவிதல் இரு வீட்டிலும் உண்டு. இரண்டாவது மறுப்புக்கு வலு அதிகம். ஈட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போன பழைய வேலிடேட்டர்களின் சாவிகளை யாராவது வாங்கினால், அவர்கள் இருந்த காலத்திலிருந்து வேறொரு வரலாற்றைச் செலவின்றிப் புனைந்துவிடலாம். பறிமுதல் செய்ய அங்கே ஈடு இல்லை. ஆகவே பல மாதம் கழித்து இணைகிற கணினி, அண்மைய நிலை எது என்று நம்பகமான யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். பிட்காயினில் யாரையும் கேட்க வேண்டாம். இருக்கிற சங்கிலிகளில் எதில் உழைப்பு அதிகம் என்று கூட்டிப் பார்த்தால் போதும். அந்த மின்சாரம் உண்மையில் வாங்கித் தருவது இதைத்தான், இதை மலிவானது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பொருள் எல்லாச் சங்கிலிக்கும் கிடைக்கிறதா? புரூஃப் ஆஃப் வொர்க்கிலேயே ஓடும் எதீரியம் கிளாசிக்கைப் பாருங்கள். 2020 ஜூலை 31-ஆம் தேதி ஒருவர் வாடகைச் சந்தையில் ஹாஷ் திறனை எடுத்து, ரகசியமாகத் தனிச் சங்கிலி ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதே வேளையில் பொதுச் சங்கிலியில் தன் நாணயங்களை எக்ஸ்சேஞ்சில் செலுத்தி, வேறு நாணயமாக மாற்றி வெளியே எடுத்துக்கொண்டார். சுமார் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, 3,500 பிளாக்குகளுக்கு மேல் நீண்ட தன் சங்கிலியை வெளியிட்டார். அதில் உழைப்பு அதிகம் என்பதால் விதிப்படி அதுவே செல்லுபடியானது. எக்ஸ்சேஞ்சுக்குச் செலுத்திய தொகை நடக்காததாகிவிட்டது. பிட்குவரி நிறுவனத்தின் கணக்குப்படி வாடகை ஏறக்குறைய 1,92,000 டாலர், சுருட்டியது சுமார் 56 லட்சம் டாலர். இயந்திரங்கள் அவருடையவை அல்ல என்பதால் அவர் இழக்க ஏதுமில்லை. அடுத்து வந்த ஆகஸ்ட் மாதத்தில் இன்னும் இரண்டு தாக்குதல்கள் நடந்தன. எக்ஸ்சேஞ்சுகள் பணத்தை ஏற்கக் காத்திருக்கும் நேரத்தை நாட்கணக்கில் நீட்டின. அக்டோபரில் அந்தச் சங்கிலியே ஒரு புது விதி சேர்த்தது: தாமதமாக வந்து சேரும் நீண்ட சங்கிலியைக் கணினிகள் சந்தேகிக்க வேண்டும். யார் முதலில் பார்த்தது எது என்பதே முக்கியமாகிவிட்டால், யாரையும் கேட்க வேண்டாம் என்ற பெருமை அங்கே எங்கே நிற்கிறது?

புரூஃப் ஆஃப் ஸ்டேக் தவறாதென்று இதற்குப் பொருளில்லை. 2023 மே 11, 12 தேதிகளில் எதீரியத்தில் சில மென்பொருள்கள் பழைய ஓட்டுகளைச் சரிபார்க்கும் பளுவில் திணறியதால், பிளாக்குகள் இறுதியாவது இரண்டு முறை நின்றது. இரண்டாவது முறை ஒரு மணி நேரத்துக்கு மேல். பரிவர்த்தனைகள் ஓடிக்கொண்டிருந்தன, பணம் போகவில்லை. பலரும் ஒரே மென்பொருளை நம்பியிருப்பதே அங்கே பலவீனம். பிட்காயின் அளவுக்குப் பெரிய சங்கிலிக்கு மின்சாரக் காவல் இன்னும் நிற்கிறது, அதை உடைக்கும் அளவு இயந்திரம் வாடகைக்குக் கிடைப்பதில்லை என்பதால். சின்னச் சங்கிலிக்கு அது காவலே இல்லை. பிட்காயினின் அதே தொழில்நுட்பம் என்று சொல்லி யாராவது புது நாணயம் விற்க வந்தால், அதன் மைனிங் திறனில் பாதிக்கு மேல் வாடகைக்கு எடுக்க ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டாலர் என்று முதலில் கேளுங்கள்.