முழுப்பங்கும்

காரைக்குடியில் வரி விளம்பரம் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதற்குப் பழக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் பேனாவைக் கொடுக்க மாட்டேன். எனக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணனும் அப்படித்தான். ஒரு சொல்லை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்வார். பொருள் குறையவில்லை என்றால் அந்தச் சொல் போக வேண்டியதுதான்.

முத்துப்பட்டணத்து ஆச்சி ஒருவர் இப்படி எழுதி வந்தார்: ‘காரைக்குடி நகரின் மையப்பகுதியில் அனைத்து வசதிகளுடன் கூடிய அழகான பழைமையான செட்டிநாட்டு வீடு உடனடியாக விற்பனைக்கு உள்ளது. விருப்பமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்.’ செல் நம்பரோடு 17 சொல்.

‘வீடு விற்பனை’ என்று பத்தித் தலைப்பே இருக்கிறது. அதனால் ‘விற்பனைக்கு உள்ளது’ வேண்டாம். நம்பர் இருந்தால் கூப்பிடத்தான் போகிறார்கள். ‘தொடர்பு கொள்ளவும்’ எதற்கு? ‘அழகான’ என்பதை எடுத்தபோது ஆச்சிக்கு மனசில்லை. “அழகை நேர்ல வந்து பார்த்துக்குவாக ஆச்சி. வர வைக்கிறதுக்கு மட்டும் காசு கொடுங்க” என்றேன்.

அதோடு, இருக்க வேண்டிய சொல் அதில் இல்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். வாங்க வருகிறவர் வளவையும் தேக்குத் தூணையும் பார்ப்பதற்கு முன்னால், எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா என்றுதான் கேட்பார். வெளியூர்ப் பங்காளிகள் கொடுத்த பவர் பத்திரத்தை ஆச்சியிடம் வாங்கிப் பார்த்த பிறகே ‘முழுப்பங்கும்’ என்று எழுதினேன். பார்க்காமல் அந்தச் சொல்லைப் போடக் கூடாது.

‘காரைக்குடி முத்துப்பட்டணம், கிழக்குப்பார்த்த வளவுவீடு, 12சென்ட், முழுப்பங்கும்.’ நம்பரோடு 7 சொல். முதல் சொல் ஊர்ப்பெயர். பத்தியில் கண்ணை ஓட்டுகிறவர் ஊரைத்தான் தேடுவார்.

‘வளவுவீடு’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல்லாகவே எண்ணுவார்கள். அதற்காக ‘அனைத்துவசதிகளுடன்கூடிய’ என்று சங்கிலி போட்டால், ஒடுங்கிய பத்தியில் எங்காவது முறிந்து, படிக்கிறவர் தடுக்கி விழுவார். வாயால் ஒரே மூச்சில் சொல்ல வருவதை மட்டும் சேர்க்கலாம். வரிக்கணக்கில் காசு வாங்கும் பத்திரிகையில் இந்தச் சிக்கனம் செல்லாது. அங்கே கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்குகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்கு முழு வரிக் காசு போகும். மேலே ஏதாவது ஒன்றைச் சுருக்கி அதை ஏற்றிவிட வேண்டும்.

விளம்பரம் வந்த அன்று, கூப்பிட்டவர்கள் முதலில் என்ன கேட்டார்கள் என்று ஆச்சியைக் குறித்து வைக்கச் சொன்னேன். பங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. “வாசல்ல கார் வருமா?” என்றுதான் பல பேர் கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ‘கார்வசதி’ என்ற ஒரு சொல்லைக் கூட்டினோம்.