தோழிக்கு எழுதிய மூன்று வரிகள்

உடும்பஞ்சோலை வட்டத்து ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் என் பெற்றோர் வேலை செய்தனர். எங்கள் குடியிருப்பில் தமிழ் பேசுவோர் மிகுதி. கடைத்தெருவிலும் பேருந்திலும் மலையாளம். அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்து சேர்ந்தமையால் ஏலச்செடிகளின் நடுவே இந்தியும் ஒலிக்கத் தொடங்கியது. ஆயினும் நான் இந்தி கற்றது தோட்டத்தில் அன்று. குளமாவில் உள்ள நவோதயா வித்யாலயாவில்.

நவோதயாப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் ஓராண்டுக் காலம் வேறு மொழி பேசும் மாநிலத்துப் பள்ளிக்குச் சென்று படிப்பர். அங்கிருந்தும் மாணவர் இங்கு வருவர். அவ்வாறு மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவள்தான் என் தோழி. விடுதியில் எங்கள் கட்டில்கள் அடுத்தடுத்து இருந்தன. அவள் எனக்கு இந்தி சொல்லித் தந்தாள். நான் அவளுக்குத் தமிழ் சொல்லித் தந்தேன். ஓராண்டு முடிந்ததும் அவள் ஊர் திரும்பினாள். நட்பு மட்டும் கைப்பேசி வழியே தொடர்ந்தது.

செவிலியர் படிப்பை முடித்த அவள், முதன்முதலாக ஒரு மருத்துவமனையின் நேர்முகத் தேர்வுக்குச் செல்வதாகத் தெரிவித்தாள். தேர்வுக்கு முந்தைய நாள் மாலை நான் அவளுக்கு ஒரு வரி எழுதினேன்: “கல் கே இண்டர்வியூ கே லியே பதாயீ.” நாளைய நேர்முகத் தேர்வுக்கு வாழ்த்துகள் என்பது என் கருத்து. எங்கள் மலைச்சரிவில் மழைக்காலத்தில் அலைவரிசை கிடைப்பது அரிது. அனுப்பிய செய்தி என் கைப்பேசியிலேயே தங்கிவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை. தேர்வு நடந்த மறுநாள் காலையில்தான் அது அவளைச் சென்றடைந்தது.

அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. என் செய்திக்கு மறுமொழியும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அழைத்தபோது, “நீயுமா என்னைக் கேலி செய்வாய்?” என்று மட்டும் கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்க வைத்தவர், என் தாயாருடன் காய் எடுக்கும் ஜார்க்கண்ட் பெண்மணி ஒருவர். நாங்கள் அவரைத் தீதி என்று அழைப்போம். அக்கா என்பது பொருள். ஏலக்காய் செடியின் அடியில் தரையை ஒட்டிக் காய்ப்பது. ஆதலால் குனிந்தபடியே வேலை செய்துகொண்டிருந்த அவர், நான் எழுதியதைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “குழந்தை பிறந்த வீட்டில் பதாயீ சொல்வோம், திருமணம் முடிந்தால் சொல்வோம். நடக்காத ஒன்றுக்கு யார் சொல்வார்கள்?” என்றார்.

தமிழில் வாழ்த்து என்னும் ஒரே சொல் இரண்டு பணிகளைச் செய்கிறது. தேர்வுக்குச் செல்பவரையும் வாழ்த்துகிறோம். வென்று வந்தவரையும் வாழ்த்துகிறோம். இந்தியில் இவ்விரண்டும் வேறு வேறு. வென்றபின் கூறுவது பதாயீ. செல்லுமுன் கூறுவது ஷுப்காம்னா. ஷுப் என்றால் நன்மை; காம்னா என்றால் விருப்பம். அதன் பன்மையாகிய ஷுப்காம்னாயேம் என்பதே வழக்கில் மிகுதி.

என் பிழை அத்துடன் நிற்கவில்லை. இந்தியில் ‘கல்’ என்னும் சொல்லுக்கு நாளை என்றும் நேற்று என்றும் பொருள் உண்டு. எது என்பதை வாக்கியத்தின் வினைச்சொல் காட்டிக் கொடுக்கும். என் வரியிலோ வினைச்சொல்லே இல்லை. முந்தைய நாளே கிடைத்திருந்தால் அவள் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். மறுநாள் கிடைத்ததால், “நேற்றைய நேர்முகத் தேர்வுக்குப் பாராட்டுகள்” என்று அது மாறிவிட்டது. தோற்று வீடு திரும்பியவள் காலையில் கண்விழித்ததும் கண்டது அதைத்தான்.

நடந்ததை அவளிடம் விளக்கினேன். அவள் மன்னித்தாள், எனினும் சில நாள் குரலில் பழைய கலகலப்பு இல்லை.

ஓராண்டுக்குப் பின் இரண்டாவது அழைப்பு வந்தது. இம்முறை வெள்ளிக்கிழமை. நான் புதன்கிழமையே எழுத அமர்ந்தேன். முதலில் எழுதியது பதினைந்து வரிகள். நேரத்தோடு புறப்படு, சான்றிதழ்களை வரிசையாக அடுக்கு, கேள்வியை முழுமையாகக் கேட்டபின் விடை சொல் என்று அறிவுரை நிரம்பி வழிந்தது. தீதியிடம் படித்துக் காட்டினேன். “இத்தனையும் அவளுக்குத் தெரியாது என்று எண்ணுகிறாயா?” என்றார். அனைத்தையும் நீக்கினேன்.

பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தோம். நீ, நீங்கள் எனத் தமிழில் இரண்டு இருக்க, இந்தியில் தூ, தும், ஆப் என மூன்று. ஆப் என்பது பெரியோர்க்கும் அறிமுகம் இல்லாதோர்க்கும் உரியது. அடுத்த கட்டிலில் உறங்கியவளுக்கு அதை எழுதினால் அவள் அயலாள் ஆகிவிடுவாள். தூ என்பது மிக நெருங்கியோரிடம் வழங்குவது. எழுத்தில் சற்றுக் கடுமையாகத் தோன்றக்கூடும். நாங்கள் விடுதியில் பேசியது தும். அதையே கொண்டேன்.

அடுத்தது வினைச்சொல். “நீ செய்துவிடுவாய்” என்று தமிழில் எழுதினால் கேட்பவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. இந்தியில் தெரியும். ஆணுக்குக் ‘கர் லோகே’, பெண்ணுக்குக் ‘கர் லோகீ’. நான் பழக்கத்தால் முதல் வடிவத்தை எழுதியிருந்தேன், தீதி திருத்தினார். கர் என்றாலே செய் என்பதுதான். லே என்னும் துணைவினை சேரும்போது, உன்னால் முடியும், நீ முடித்துவிடுவாய் என்னும் உறுதி கிடைக்கிறது. நம் ‘செய்துவிடு’ என்பதில் விடு செய்யும் வேலையைப் போன்றது அது. இவ்வொற்றுமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

‘அஞ்சாதே’ என்பதற்குக் ‘கப்ராவோ மத்’ என்று எழுதியிருந்தேன். அதில் பிழை இல்லை. ஆனால் அது இப்போதே நடுங்கிக்கொண்டிருப்பவளிடம் கூறுவதுபோல் இருக்கிறது என்றார் தீதி. ‘கப்ரானா மத்’ என்றால், அங்கே சென்றபின் அஞ்சாதே என்று பொருள்படும். பின்னர் நடக்க வேண்டியதைக் கூறும் ஏவலுக்கு இந்தியில் இவ்வடிவமே பொருந்தும்.

‘கல்’ என்னும் சொல்லை நான் தொடவே இல்லை. கிழமையின் பெயரையே எழுதினேன்.

“ஷுக்ரவார் கே இண்டர்வியூ கே லியே டேர் ஸாரீ ஷுப்காம்னாயேம். கப்ரானா மத். தும் கர் லோகீ.”

வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வுக்கு என் நிறைந்த நல்வாழ்த்துகள், அஞ்சாதே, நீ வென்றுவிடுவாய். மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், பெயர் அழைக்கப்படும் முன் ஒரே பார்வையில் படித்துவிடலாம். வியாழக்கிழமை மாலை குடை பிடித்துக்கொண்டு, அலைவரிசை கிடைக்கும் மேட்டுச் சாலை வளைவு வரை நடந்தேன். செய்தி சென்று சேர்ந்ததைக் காட்டும் இரண்டாம் குறி தோன்றும்வரை அங்கேயே நின்றேன்.

சற்று நேரத்தில் மறுமொழி வந்தது. வீட்டைவிட்டுப் புறப்படும்போது ‘போகிறேன்’ என்று கூறலாகாது என நான் விடுதியில் அவளுக்குச் சொல்லித் தந்திருந்தேன். அதை அவள் மறக்கவில்லை. ஆங்கில எழுத்துகளில், தமிழில், எழுதியிருந்தாள்: “போய் வருகிறேன்.”