"பரவாயில்லை தம்பி"

"எப்பிடி அக்கா இருக்கிறீங்கள்?" எண்டு கேட்டால் "பரவாயில்லை தம்பி" எண்டுதான் பதில் வரும். அதனால் வீடுகளுக்குப் போகும்போது நாங்கள் நேற்றைய இரவைத்தான் கேட்கிறோம். எத்தனை தரம் எழும்பினீங்கள்? ஆர் மாறிப் பார்த்தது?

மூளை முடக்குவாதம் உள்ள 9 வயது மகனின் அம்மா ஒருவர் இப்படிக் கணக்குச் சொன்னார்: இரவில் 3 தரம் பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கிறது, ஒருநேரச் சாப்பாடு தீத்த முக்கால் மணித்தியாலம். பராமரிப்புச் சுமையை அளக்க சாரிட் வினாக்கொத்து இருக்கிறது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. ஆனால் அது முதியோரைப் பராமரிப்பவர்களுக்காக உருவானது. பேச்சு வராத பிள்ளையின் தாய்க்குச் சில கேள்விகள் ஒட்டாது.

ஓய்வுக்கு ஆள் ஒழுங்கு செய்யலாம் என்றதும் அவர் மறுத்துவிட்டார். "வேற ஆர் தீத்தினாலும் புரைக்கேறும்." நியாயமான பயம்தான், சாப்பாடு நுரையீரலுக்குள் போகலாம். ஆகவே சித்தி முதலில் 3 நாள் பக்கத்திலிருந்து பழகினார். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, சின்னக் கரண்டியால், விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். இருமினால் நிறுத்த வேணும். சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க வைக்கக்கூடாது.

பிறகு புதன்தோறும் 2 மணித்தியாலம் அம்மாவுக்கு. முதல் புதன் உடுப்புத் தோய்த்தார் (அது ஓய்வே இல்லை!). அடுத்த புதன் தன் முதுகுவலிக்குக் கிளினிக் போனார்.

"நான் இல்லாட்டி இவன் என்ன செய்வான்?" என்று பல தாய்மார் சொல்வார்கள். "ரெண்டுபேரும் போயிட்டால் நல்லம்" என்பது வேறு. அப்போது புதன்வரை பொறுப்பதில்லை. சாகிற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டு, தனிய விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகிறோம்.