பத்து நிமிசத்துக்கு எவ்வளவு நேரம்?

எங்கட குழுவில ஆறு பேர். யாழ்ப்பாணக் கரையோரக் கிராமங்களில வயசான ஆக்களின்ர கதைகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, ஒரு சின்னப் புத்தகமாக் கொண்டு வாறதுதான் வேலை. சம்பளம் இல்லை. எல்லாரும் படிப்பு, வேலை எண்டு ஓடுற ஆக்கள். ஆர் எந்தப் பதிவை எண்டைக்குத் தரவேணும் எண்ட அட்டவணையைப் பாக்கிறது என்ர பொறுப்பு.

பதிவுகளைக் கேட்டு எழுதுறவர்களில ஒரு தம்பி இருந்தார். மலையகத்தில இருந்து இங்க படிக்க வந்தவர். அமைதியானவர், எழுத்து நல்ல துப்பரவு. ஆனால் மூன்று தரம் தொடர்ந்து தவணை தப்பினார். முதல் தரம் நாலு நாள், அடுத்தது ஒரு கிழமை, மூன்றாவது வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: “சாரிக்கா, இந்த வாரம் கட்டாயம் முடிச்சிருவேன்.”

இதுக்கு முதல் இப்படி ஒன்று நடந்திருக்கு. போன வருசம் இன்னொரு தங்கச்சி பிந்தினபோது, நான் வாட்ஸ்அப் குழுவிலயே “உங்கட மட்டும்தான் இன்னும் வரேல்லை” எண்டு போட்டன். அண்டைக்கு இரவே அவா வேலையை அனுப்பினா. அடுத்த நாள் குழுவை விட்டும் போயிட்டா. ஏன் பிந்தினது என்று இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது. இந்த முறையும் அப்படி ஒரு வசனத்தை எழுதிப்போட்டு, அனுப்பாமல் அழிச்சன்.

அதுக்குப் பதிலா அட்டவணையைத் திறந்து, அவர் பிந்தினதுகளை மட்டுமில்லை, நேரத்துக்குத் தந்ததுகளையும் பார்த்தன். அதுக்கு முதல் மூன்று பதிவுகளைச் சொன்ன நாளிலயே தந்திருக்கிறார். இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு பழைய சங்கக்கடை மனேச்சர். பிந்தின மூன்றும் கடற்தொழில் செய்த ஐயாமாரின்ர பதிவுகள். பொறுப்பில்லாத ஆள் எண்டால் எல்லாத்திலயும் பிந்தியிருப்பார். இங்க ஒரு கோடு போட்ட மாதிரி இரண்டு வகையாப் பிரியுது. அது என்ன கோடு எண்டு எனக்கு விளங்கேல்லை. பகுதிநேர வேலையோ, சோதனையோ, ஆர்வம் போயிட்டுதோ என்று மனதுக்குள் மூன்று ஊகம் வைச்சிருந்தன். மூன்றும் பிழை என்று பிறகுதான் தெரிஞ்சுது.

அவருக்குத் தனியா ஒரு செய்தி அனுப்பினன். “ஒருக்காக் கதைக்கவேணும்” எண்டு மட்டும் போட்டால் அடுத்த நாள் வரைக்கும் அவருக்கு நித்திரை வராது. அதால விசயத்தையும் சேர்த்தே எழுதினன்: “நாளைக்குப் பின்னேரம் 4 மணிக்கு அரை மணித்தியாலம் கதைப்பமா? அந்த மூன்று பதிவுகள் பற்றித்தான். ஏச இல்லை. எங்க இறுகுது எண்டு எனக்கு விளங்கேல்லை, அதுதான் கேக்கிறன். லப்டொப்பையும் கொண்டு வாங்கோ.”

கம்பசுக்குப் பக்கத்தில ஒரு தேத்தண்ணிக் கடை. அந்த நேரம் சனம் குறைவு. வந்து இருந்த கையோட, “சாரிக்கா, இந்த வாரம்…” என்று தொடங்கினார். அதை ஏற்றுக்கொண்டிருந்தால் கதை அந்த நிமிசத்திலயே முடிஞ்சிருக்கும். இன்னொரு திகதி கிடைச்சிருக்கும், அதுவும் தப்பியிருக்கும். “திகதியைப் பிறகு பாப்பம் தம்பி” எண்டன். பிறகு நான் பார்த்ததைச் சொன்னன். மூன்று நேரத்துக்கு வந்தது, மூன்று வரேல்லை. அவ்வளவுதான்.

“ஏன் பிந்தினது?” என்று கேட்கேல்லை. எங்கட வீடுகளில “ஏன்” எண்டு கேட்டால் அது கேள்வியில்லை, ஏச்சின்ர முதல் சொல். “வேலை கூடவா?” என்றும் கேட்கேல்லை. அப்படி ஒரு காரணத்தை நானே எடுத்துக் குடுத்தால் மரியாதைக்கு “ஓமக்கா” எண்டு சொல்லிப்போட்டு அவர் தப்பியிருப்பார். “கடைசிப் பதிவைத் திறந்ததில இருந்து என்ன நடந்தது? ஒருக்காக் காட்டுங்கோ” எண்டு மட்டும் கேட்டன். அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்தார். வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடைசியா லப்டொப்பைத் திறந்தார். 45 நிமிசப் பதிவில 12 நிமிசம்தான் எழுதியிருந்தார். வரிக்கு வரி கேள்விக்குறி. பதிவில ஐயா, “கச்சான் அடிச்சா ஆர் கடலுக்குப் போவான்” எண்டுறார். “கச்சான்னா நமக்குத் தெரிஞ்சது சாப்பிடுறதுதானேக்கா. அந்த ஒரு வரியை இருபது தடவை கேட்டிருப்பேன். எனக்குத்தான் காது சரியில்லைன்னு நெனச்சேன்.”

அது மேற்கில இருந்து வீசுற காற்று. அவர் கேட்டது முழுக்கச் சரி. அதுக்குப் பிறகு சோழகம் வருது, வாடை வருது, வலைகளின்ர பேர்கள் வருது. இரண்டு ஐயாமார் ஒரே நேரத்தில கதைக்கினம், பின்னால காற்று இரையுது. கேட்டது சரியோ எண்டு தெரியாமல் ஒவ்வொரு சொல்லிலயும் நின்றிருக்கிறார்.

“என்னட்டக் கேட்டிருக்கலாமே?” எண்ட வார்த்தை வாய்வரைக்கும் வந்திட்டுது. அதுவும் ஒரு குற்றச்சாட்டுத்தான். “ஆரிட்டயாவது கேக்க யோசிச்சனீங்களா?” எண்டு மாத்திக் கேட்டன். கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னார்: “முதல் கூட்டத்தில நீங்க சொன்னீங்கக்கா, இது எங்கட ஆக்களின்ர பேச்சு, லேசா விளங்கும், நாலு நாள் காணும்னு. எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு மட்டும் விளங்கலன்னு எப்படிச் சொல்றது?”

அந்தக் கூட்டம் எனக்கு நினைவிருந்தது. “எங்கட” எண்ட சொல்லை நான் யோசிச்சுச் சொல்லேல்லை. ஆனால் மேசையில இருந்த ஆறு பேரில ஒருத்தரை அது வெளியில நிப்பாட்டிப் போட்டுது. நாலு நாள் எண்ட கணக்கும் நான் ஆசிரியர்களின்ர பதிவை எழுதி வைச்ச கணக்குத்தான்.

மன்னிப்புக் கேட்டன். அதோட அவரின்ர பக்கத்தில இருந்ததையும் சொன்னன். அந்த ஐயாமாரில ஒருத்தருக்குக் கண் மங்கல். எழுதினதை வந்து வாசிச்சுக் காட்டுறம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனாங்கள். அவர் காத்திருக்கிறார். “பிந்தலாம் தம்பி, ஆனால் பிந்தும் எண்டு எனக்குத் தெரியவேணும். தெரிஞ்சால் நான் அவருக்கு ஒரு சொல் சொல்லலாம்.” தலையாட்டினார். இந்த முறை “சாரி” வரேல்லை.

எழும்ப முதல் ஒரு சின்ன முறையைப் பேசி வைச்சம். புதுப் பதிவு கிடைச்ச அண்டைக்கே முதல் 10 நிமிசத்தை மட்டும் எழுதிப் பார்க்கிறது, எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு எனக்கு அனுப்பிறது. அதைப் பார்த்துத்தான் தவணை வைக்கிறது. விளங்காத சொல்லில நிக்கிறேல்லை. காதில விழுந்தபடி எழுதி, பதிவில அது வாற நிமிசத்தைப் பக்கத்தில குறிச்சிட்டுப் போறது.

அடுத்த பதிவுக்கு அவரின்ர செய்தி வந்தது: “10 நிமிசம் - 1 மணி 40.” அப்படியே போனால் 45 நிமிசத்துக்கு ஏழரை மணித்தியாலம். படிப்புக்குப் பிறகு இரவில ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும் எண்டார். எட்டு நாள் குடுத்தன். ஒன்பதாம் நாள் வந்தது. ஏழாம் நாளே “ஒரு நாள் பிந்தும்” எண்டு சொல்லியிருந்தார். மற்ற ஆக்களிட்டயும் இப்ப இதே கணக்கைத்தான் கேக்கிறம். தலையாட்டின இன்னொருவருக்கும் பாதிச் சொற்கள் விளங்கேல்லை எண்டு அப்பதான் தெரிஞ்சுது.

அவர் குறிச்சு வைச்ச சொற்களை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமா ஐயாவிட்டப் போனம். ஒவ்வொன்றா வாசிக்க வாசிக்க அவர் சிரிச்சுச் சிரிச்சு விளக்கம் சொன்னார். அந்தப் பட்டியல் இப்ப புத்தகத்தின்ர கடைசிப் பக்கங்களில வரப்போகுது.

போன வருசம் விலகின தங்கச்சிக்கும் ஒரு செய்தி எழுதினன். “அண்டைக்கு நான் குழுவில போட்டது பிழை. என்ன நடந்தது எண்டு உங்களைக் கேட்டிருக்கவேணும்.” இரண்டு நீலக்கோடு விழுந்திருக்கு. பதில் வரேல்லை.