பழைய விலாசத்துக்குச் சென்ற அழைப்பு

சென்ற மாதம் எம்மிடம் பயின்ற இளைஞரொருவர் வாடிய முகத்தோடு வந்தார்.

"சேர், பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். கைத்தொலைபேசி இலக்கமும் மாறிவிட்டது. ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்."

வேலைவாய்ப்புத் தளத்தில் விபரங்களைத் திருத்தியது போதுமென்று இருந்துவிட்டாராம். பிழை அங்கேதான். முன்னரே அனுப்பிய விண்ணப்பம், பெரும்பாலும், அனுப்பிய அன்றிருந்தபடியே நிறுவனத்தில் கிடக்கும். தெரிவுப் பட்டியலிற் பெயர் ஏறினாலும் அழைப்பு பழைய விலாசத்துக்கே போகும்.

அன்றிரவே இருவரும் ஏழு மடல்கள் எழுதினோம். தலைப்பிற் பதவியின் பெயர், விண்ணப்ப இலக்கம், 'தொடர்பு விபர மாற்றம்'. உள்ளே முழுப்பெயர், விண்ணப்பித்த திகதி, பழைய இலக்கமும் மின்னஞ்சலும், அவற்றின் கீழ்ப் புதியவை. பழையவற்றை எழுதாவிடில் இன்னாருடைய விண்ணப்பமென்று எங்ஙனம் கண்டுபிடிப்பர்? திருத்திய சுயவிபரக் கோவையையும் இணைத்தோம். பழைய மின்னஞ்சல் மூடப்படுமுன் அதிலிருந்தே எழுதியிருந்தால் ஐயத்துக்கே இடமிராது. நாம் அதனை முன்னரே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

மறுமொழி வராத இடங்களுக்குக் காலையிலே தொலைபேசியிற் பேசச் சொன்னோம். மூன்றாவது இடத்தில், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நான்கு நாள் முன்னரே பழைய மின்னஞ்சலுக்குச் சென்றதாம். பரீட்சை மறுநாள், கொழும்பில். அன்றிரவுப் பேருந்தில் அவரை ஏற்றிவிட்டு வந்தோம்.