முதல் நாள் கேள்வியும் உரிய நாள் விடையும்

வரன் பார்க்கும் வீடுகளில் ஜாதகம் கைமாறிய மறுநாளே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். நட்சத்திரம், பூர்வீகம், படிப்பு என்று விசாரணை தொடங்கி ஐந்து நிமிடம் ஆகுமுன், "பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு? வீடு சொந்தமா? யார் பேரில் இருக்கிறது?" என்ற கேள்விகள் வந்துவிடுகின்றன. பிள்ளைகள் அலுவலகத்தில் இருப்பதால் அந்நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற முதியவர்களே. என் மூத்த மகன் காலமாகிவிட்டபடியால் பேத்தியின் வரன் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த ஒன்றரை ஆண்டுக் காலத்தில் இக்கேள்வியை நான் கேளாத வாரம் அரிது.

கேள்வி தவறானது என்று நான் சொல்லமாட்டேன். இரு குடும்பங்கள் இணையும்போது வருவாய், கடன், சொத்து ஆகிய மூன்றும் இரு பக்கத்தாருக்கும் தெரிந்தே ஆகவேண்டும். அது எப்போது கேட்கப்படுகிறது என்பதில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. பொருத்தமே பார்த்து முடியாத நிலையில், முகமறியாத ஒருவரிடம் சொல்லும் தொகை அவர் வீட்டோடு நிற்பதில்லை. தரகர் வாயிலும் உறவினர் வாயிலும் புகுந்து ஊரெல்லாம் உலவுகிறது. சம்பந்தம் கூடாமற்போனாலும் அத்தொகை திரும்பி வருவதில்லை.

இதற்குப் பலரும் சொல்லும் விடைகள் மூன்று வகை. "ஏதோ பகவான் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம்" என்பது முதல் வகை. கேட்பவர் காதில் அது, 'சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை' என்றோ, 'நிறைய இருக்கிறது, மறைக்கிறார்கள்' என்றோதான் விழும். "எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பது இரண்டாம் வகை. அதில் சினம் தொனிப்பதால் நல்ல மனிதரும் மனம் நொந்து விலகிவிடுவார். மூன்றாவது, ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவைப்பது. உண்மையான தொகையே ஆனாலும் முதல் நாளில் அது பொய்போலத்தான் வேலை செய்யும். அதற்கு என் பேத்தியின் கணக்கே சான்று.

அவளுடைய நிறுவனம் தந்த நியமனக் கடிதத்தில் ஆண்டுக்கு 9 இலட்சம் என்று இருந்தது. கேட்பவர் மனத்திற்குள் அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 75,000 என்று முடிவு செய்துகொள்வார். ஆனால் அந்த 9 இலட்சத்தில் 90,000 ரூபாய், ஆண்டு முடிவில் வேலைத் திறனைப் பார்த்துத் தருவது. நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்பு நிதியும், பணிக்கொடைக்காக ஒதுக்கும் தொகையுமாக ஏறக்குறைய 41,000 அதிலேயே அடங்கியிருந்தது. அவள் பங்கு வைப்பு நிதியும் தொழில் வரியும் போக, மாதந்தோறும் கைக்கு வந்தது சுமார் 62,000 தான். அதில் கல்விக்கடன் தவணை 11,000. தாய்க்கு அவள் தருவது 15,000. மிஞ்சுவது 36,000. ஆக, 75,000 என்பதும் உண்மை, 36,000 என்பதும் உண்மை. இவ்வளவையும் விளக்காமல் இரண்டில் எதைச் சொன்னாலும் கேட்பவர் தவறாகவே புரிந்துகொள்வார். விளக்குவதற்கோ முதல் தொலைபேசி இடமன்று.

வீட்டின் நிலையும் அப்படியே. நாங்கள் குடியிருப்பது என் பாட்டனார் கட்டிய வீடு. இன்னும் பாகம் பிரிக்கவில்லை. பூர்வீகச் சொத்தில் பெண்மக்களுக்கும் பிறப்பால் உரிமை உண்டென்று தமிழகம் 1989-இல் சட்டம் திருத்தியது. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005-இல் வந்தது. ஆகவே என் தம்பிக்கு மட்டுமன்றித் தங்கைக்கும் அதில் பங்குண்டு. "ஆம், சொந்த வீடு" என்று நான் ஒரு சொல் சொன்னால் பேத்திக்கு முழு வீடும் வரும் என்று எதிர்ப்பக்கத்தார் எண்ணக்கூடும். "இல்லை" என்றால் அது பொய். பலருக்கு உரிமையுள்ள சொத்தைப் பற்றி ஒருவர் மட்டும் வாக்குக் கொடுப்பது முறையாகாது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து ஒரு விடையை வகுத்துக்கொண்டேன். அதில் நான்கு படிகள் உண்டு. முதலில், கேட்டது நியாயம் என்று ஒப்புக்கொள்வது. அடுத்து, தொகையைச் சொல்லாமல் நிலைமையைச் சொல்வது. மூன்றாவதாக, முழு விவரத்தையும் எந்தக் கட்டத்தில், யார் சொல்வார்கள் என்று நாள் குறிப்பது. கடைசியாக, பேச்சு அங்கேயே நின்றுவிடாதபடி நாம் ஒன்றைக் கேட்பது.

ஒரு நாள் பிள்ளையின் பெரியப்பா ஒருவர் அழைத்தார். சம்பளத்தையும் வீட்டையும் ஒரே மூச்சில் கேட்டார். நான் சொன்னது இது: "ஐயா, நீங்கள் கேட்பது நியாயமே. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் தெரிந்துகொள்ளவே விரும்புவேன். குழந்தை நிரந்தர வேலையில் இருக்கிறாள். தன் செலவையும் பார்த்துக்கொண்டு தாயாருக்கும் உதவுகிறாள். ஜாதகம் பொருந்தி, பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிச் சம்மதம் சொன்னபிறகு, நிச்சயம் பேசுவதற்கு முன்னால், இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்வோம். வரவு, கடன், வீடு மூன்றையும் ஒளிவில்லாமல் நானே சொல்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். இப்போது ஒன்று தெரிந்துகொள்ளலாமா? திருமணத்துக்குப் பின்னும் பெண் வேலைக்குப் போவது உங்கள் வீட்டாருக்குச் சம்மதந்தானா?"

அவர் சற்று மௌனமாக இருந்தார். பிறகு, "அதுவும் சரிதான். தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். குரலில் வருத்தம் இல்லை. 'கடன்' என்ற சொல்லை நானே முன்வந்து சொன்னதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மறைக்க நினைப்பவன் தன் கடனைப் பற்றித் தானாகப் பேசமாட்டான் அல்லவா?

இதே விடையை வேறொரு வீட்டாருக்கும் சொன்னேன். மறுநாள் அவ்வீட்டு அம்மையார் அழைத்து, "தோராயமாகவாவது சொல்லக்கூடாதா?" என்றார். அதே சொற்களை அதே நிதானத்தோடு மீண்டும் சொன்னேன். மூன்றாம் முறை கேள்வி உருமாறி வந்தது. "அப்பா இல்லாத பெண்ணாயிற்றே, அவள் பங்குக்கு என்ன வரும்? நீங்கள் என்ன செய்வதாக உத்தேசம்?" என்றார். தம்பதி எப்படி வாழப்போகிறார்கள் என்று அறிய விரும்புபவர், வேலை நிலையானதா, கடன் உண்டா, யாரைத் தாங்கவேண்டும் என்று கேட்பார். தமக்கு என்ன வரும் என்று பார்ப்பவர், யார் பேரில், எத்தனை பங்கு, என்ன செய்வீர்கள் என்று கேட்பார். இந்த வேற்றுமையைக் காதால் பிடித்துவிடலாம். 1961-ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தின்படி, நேரடியாகக் கேட்பது மட்டுமன்றி மறைமுகமாகக் கேட்பதும் குற்றமே. நான் சட்டம் பேசவில்லை. "அம்மா, கொடுக்கல் வாங்கல் இல்லாத இடமாகவே பார்க்கிறோம். உங்கள் பிள்ளைக்கு நல்ல இடம் அமையட்டும்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அதற்குமேல் ஒத்திப்போடும் விடைக்கு இடமில்லை. தெளிவாக மறுப்பதே மரியாதை.

முதலில் சொன்ன பெரியப்பா வீட்டில் பொருத்தம் அமைந்தது. பிள்ளைகள் மூன்று முறை சந்தித்துப் பேசினார்கள். பிறகு அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் நியமனக் கடிதத்தின் நகலையும், மூன்று மாதச் சம்பளச் சீட்டையும், வங்கி தந்த கல்விக்கடன் கணக்கையும் எடுத்துச் சென்றிருந்தேன். கடனிலிருந்தே தொடங்கினேன். இன்னும் நான்கு ஆண்டுகள் தவணை உண்டு என்றேன். திருமணத்துக்குப் பின்னும் தாய்க்கு மாதம் 15,000 தருவது நிற்காது என்பதையும் சொன்னேன். வீட்டில் யார் யாருக்குப் பங்கு என்பதைச் சொல்லி, அதை எண்ணி எந்தத் திட்டமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பிள்ளையின் தாயார் முகம் சற்று வாடியது. "ஒவ்வொரு மாதமுமா?" என்றார். பதில் சொன்னவன் அந்தப் பிள்ளை. "அம்மா, எங்களிடம் அவள் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டாள்" என்றான். பிறகு அவர்களும் தங்கள் வீட்டின் மேலிருந்த வங்கிக் கடனைச் சொன்னார்கள். இதே விவரங்கள் முதல் நாளில் தொலைபேசியில் போயிருந்தால் 36,000 என்ற தொகை மட்டுமே அவ்வீட்டை எட்டியிருக்கும். அதைத் தாங்கிப் பேச ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. தொகையை ஒத்திப்போடலாம், உண்மையை மாற்றிச் சொல்லக்கூடாது. வேலை தற்காலிகமானது என்றால் முதல் நாளே 'நிரந்தரம்' என்று சொல்லிவிட்டுப் பிறகு திருத்த முடியாது. முன்பே ஒரு திருமணம் நடந்திருந்தால் அதை இந்த வரிசையில் பின்னுக்குத் தள்ளலாகாது. குறித்த கட்டம் வந்ததும் அவர்கள் நினைவூட்டும்வரை காத்திருக்காமல் நாமே பேச்சைத் தொடங்கவேண்டும். இல்லாவிடில் முதல் நாள் சொன்னது வெறும் நழுவலாகிவிடும். நாம் சொல்லத் தயாராக இல்லாத ஒன்றைப் பிறரிடம் முதல் நாளில் கேட்காதிருப்பதும் இதில் அடக்கம்.

சம்பந்தம் பேசாத மூன்றாம் மனிதர்கள் கேட்பதும் உண்டு. பிரதோஷத்தன்று கோயில் பிராகாரத்தில், "பேத்திக்கு எவ்வளவு வருகிறது?" என்று பழகியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நாள் குறிக்கத் தேவையில்லை. "அது அவள் சம்பாத்தியம், அவள் சொன்னால்தான் உண்டு. உங்கள் பேரன் தேர்வு எழுதினானே, என்ன ஆயிற்று?" என்றால் போதும். அன்பாகக் கேட்டவர் பேரனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

வயதான காலத்தில் திடீரென்று கேட்கும்போது சொற்கள் தடுமாறும். அதனால் அந்த நான்கு படிகளையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஜாதகக் கோப்பின் மேல் செருகித் தொலைபேசிக்கு அருகே வைத்திருந்தேன். என் மனைவியும் அதைப் பார்த்தே பேசினாள். யார் எடுத்தாலும் ஒரே விடை போனதால், 'தாத்தா ஒன்று சொன்னார், பாட்டி ஒன்று சொன்னார்' என்ற பேச்சு எழவில்லை. இப்போது அந்தத் தாள் பேரனின் ஜாதகக் கோப்புக்கு மாறியிருக்கிறது.