அதியூ என்று சொல்லாதேயுங்கோ

எங்கள் ஊரில் படலையடியில் நின்று 'போறன்' என்று சொன்னால் ஆச்சி விடமாட்டா. "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்பா. செத்த வீட்டில் மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொல்லாமலே எழும்பிப் போவார்கள். திரும்பி வருவேன் என்று சொல்லக்கூடாத இடம் அது ஒன்றுதான்.

போன மாதம் நோர்பரியில் ஒரு பிரியாவிடை. எங்கள் பிள்ளைகளுக்குப் பல வருடமாகச் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுத்த அக்கா, எழுபத்தொன்பது வயதில், பாரிசுக்கு மகளிடம் போகிறா. லண்டனுக்கு வரமுன் நான் பிரான்சில் ஒன்பது வருடம் இருந்தவன் என்பதால், "நீர் ரெண்டு பிரெஞ்சு வார்த்தையும் சேர்த்துப் பேசும்" என்று என்னிடம் விட்டார்கள். 'ஓ ரெவுவார்', 'அதியூ' என்ற இரண்டையும் எடுத்தேன்.

இரண்டிலும் தொடக்கத்தில் இருப்பது 'ஆ' என்ற ஒரே சிறு சொல். நம்முடைய நாலாம் வேற்றுமை உருபு 'கு' மாதிரி. ஓ ரெவுவார் என்றால் 'மறுபடி காண்பதற்கு'. அதியூ என்றால் 'ஆ தியூ', 'கடவுளுக்கு': உன்னைக் கடவுளிடம் ஒப்படைக்கிறேன். முதலாவதில் அடுத்த சந்திப்பு உனக்கும் எனக்கும் இடையில். இரண்டாவதில் நான் கையை விட்டுவிட்டேன்; இனி அவர் பார்த்துக்கொள்வார்.

ஆனால் பழைய பிரெஞ்சில் தினப்படி விடைபெறவும் அதியூ என்றுதான் சொன்னார்கள். 'மறுபடி காணும்வரை அதியூ' என்றொரு நீண்ட வழக்கு இருந்தது. அதன் வால் தனியாகக் கழன்று ஓ ரெவுவார் ஆகி, நாளாந்தப் பிரிவுகளை எல்லாம் எடுத்துக்கொண்டது. மிஞ்சிய பெரிய பிரிவுகள் அதியூவுக்கு விழுந்தன. தெற்குப் பிரான்சிலும் சுவிசின் பிரெஞ்சுப் பகுதியிலும் இன்றும் சிலர் வணக்கம் சொல்லவே அதியூ என்பார்கள். ஸ்பானியரின் 'அதியோஸ்' சாதாரண விடைதான். ஆங்கிலக் 'குட்பை'க்குள்ளும் கடவுள் இருக்கிறார், ஆனால் தேய்ந்துபோனதால் யாருக்கும் கேட்பதில்லை. அதியூவில் 'தியூ' இன்னும் முழுதாகக் கேட்கிறது. பாரிசில் வேலை முடிந்து போகும்போது ஒருவர் அதியூ என்றால், மற்றவர் "என்ன நடந்தது?" என்று கேட்பார்.

இதுவரை சபை தலையாட்டியது. பிறகு நான் பாரிசுக்குத் தெற்கே இருக்கும் ஃபொந்தேன்புளோவுக்குப் போனேன். 1814 ஏப்ரல் 20ஆம் திகதி, முடி துறந்த நெப்போலியன் அங்கே அரண்மனை முற்றத்தில் தன் பழைய காவற்படையை நிறுத்தி, அதியூ சொல்லிப் பேசினான். கொடியை முத்தமிட்டான், வீரர்கள் அழுதார்கள். அந்த முற்றத்துக்கே இன்று 'அதியூக்களின் முற்றம்' என்று பெயர். ஆனால் பதினொரு மாதத்தில், 1815 மார்ச் 20ஆம் திகதி, அவன் பாரிசில் திரும்பி நின்றான்.

அரண்மனையிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் அவோன் என்ற ஊர். அங்கே ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த ஜாக் பாதிரியார், யூதச் சிறுவர்கள் மூவரை வேறு பெயரில் மற்றப் பிள்ளைகளோடு படிக்க வைத்திருந்தார். 1944 ஜனவரி 15இல் கெஸ்டாப்போ வந்து மூவரையும் அவரையும் கொண்டுபோனது. அதைக் கண்ணால் பார்த்த பதினொரு வயது மாணவன் லூயி மால், 1987இல் அதைப் படமாக எடுத்தான். படத்தில் கொண்டுபோகப்படும் பாதிரியார் முற்றத்தில் நின்ற பிள்ளைகளுக்குச் சொல்லும் விடைதான் தலைப்பு: 'ஓ ரெவுவார் லே ஆன்ஃபான்'. மறுபடி காண்போம், பிள்ளைகளே. சிறுவர்கள் மூவரும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். பாதிரியார் முகாம் விடுவிக்கப்படும்வரை உயிரோடிருந்து, சில கிழமைகளில், 1945 ஜூன் 2இல், லின்ஸ் நகரில் இறந்தார்.

அதியூ சொன்னவன் வந்தான், ஓ ரெவுவார் சொன்னவர் வரவில்லை. அப்படியானால் சொல்லுக்கு என்ன வலு? என் எண்ணம் இது: அதியூ என்றால் எதிரே நிற்பவருக்கு ஒரு வேலையும் இல்லை, அழுதால் போதும். ஓ ரெவுவார் என்றால் அவர் காத்திருக்க வேண்டும். அந்தப் பாதிரியார் பிள்ளைகளை அழ விடாமல் காத்திருக்க வைத்தார். நம் ஆச்சிமாரும் 'போட்டு வாறன்' என்று சொல்ல வைத்து அதைத்தானே செய்தார்கள்.

அக்கா முன்வரிசையில் இருந்தா. இதய நோயோடு போகிறா, இனி இந்தப் பக்கம் வரமாட்டா என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் முடிக்கமுதல் கையை உயர்த்தினா, வகுப்பில் பிள்ளைகளை நிறுத்துகிற அதே கை.

"தம்பி, எனக்கு எதைச் சொல்லப்போறீர்?"

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

"நான் பயணம் சொல்லத்தான் வந்தனான். போட்டு வாறன். வைகாசியில பிள்ளையளின்ர சோதினை, வினாத்தாளைத் தபாலில அனுப்புங்கோ, நான் திருத்தித் தாறன்."

முதல் கட்டு நேற்றுத் தபாலில் போனது. இருபத்திரண்டு தாள்கள்.